போட்டோல ஒரு கலர், பார்சல்ல ஒரு கலர்: சேலை போட்டோவுக்கு அறிகுறி பார்த்து சரி பண்ற வழி

நான் வீட்ல இருந்தே சாஃப்ட் சில்க், சில்க் காட்டன் சேலை ஆன்லைன்ல விக்கிறேன், தெரிஞ்ச ரெண்டு மூணு பேருக்கும் போட்டோ எடுத்துக் குடுக்கிறேன். ரிட்டர்ன் வர்ற சேலைல டேமேஜ்னு வர்றதைவிட "கலர் போட்டோல பாத்த மாதிரி இல்ல"ன்னு வர்றதுதான் அதிகம், கொரியர் காசு ரெண்டு பக்கமும் நம்ம தலைல. திரும்பத் திரும்ப அதே நாலஞ்சு தப்புதான் வருது, அதனால என்ன மாதிரி தெரியுதுங்கிறதை வச்சு எங்க தேடணும்னு எழுதியிருக்கேன். உங்களுக்கு எது பொருந்துதோ நேரா அந்த தலைப்புக்குப் போங்க, ஆனா முதல் செக் மட்டும் எல்லாரும் பண்ணிடுங்க.

## முதல் செக்: தப்பு எங்க இருக்கு?

பகல்ல ஜன்னல் ஓரமா நில்லுங்க, நேர் வெயில் விழக்கூடாது, வீட்டு லைட் எல்லாம் ஆஃப். ஒரு கைல சேலை, இன்னொரு கைல போன். பக்கத்துல ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சு போன் ஸ்க்ரீன்ல தெரியிற வெள்ளையும் அந்தப் பேப்பரும் ஒரே வெளிச்சமா தெரியிற அளவுக்கு பிரைட்னஸை வச்சுக்கோங்க. இதை விட்டுட்டு ராத்திரி படுக்கைல டிம்மா வச்சு எடிட் பண்ணா எந்தக் கலரும் நம்ப முடியாது.

போன்ல Night Shift, True Tone, Eye comfort shield மாதிரி எது ஆன்ல இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க. சாம்சங்கா இருந்தா Screen mode-ல Vivid-ஐ விட்டு Natural-க்கு வாங்க. இப்ப போட்டோவையும் சேலையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

- வெள்ளையா இருக்க வேண்டியதே மஞ்சளாவோ நீலமாவோ இருக்கா? அறிகுறி 1.
- வெள்ளை சரி, ஆனா சிவப்பு, ராணி பிங்க் மட்டும் பளபளன்னு அப்பி நெசவே தெரியலையா? அறிகுறி 2.
- வெள்ளை சரி, நெசவும் தெரியுது, ஆனா ஒரு கலர் மட்டும் வேற கலரா மாறியிருக்கா? அறிகுறி 3.
- உங்க போன்ல சேலையும் போட்டோவும் ஒண்ணாவே இருக்கு, ஆனா வாங்குறவங்களுக்கு வேற மாதிரி தெரியுதா? அறிகுறி 4.
- ஒரு பக்கம் பாத்தா பச்சை, இன்னொரு பக்கம் பாத்தா நீலமா? அறிகுறி 5.
- முதல்ல வாங்கினவங்க யாரும் ஒண்ணும் சொல்லல, இப்ப வாங்குறவங்க மட்டும் சொல்றாங்களா? அறிகுறி 6.

## அறிகுறி 1: படம் முழுக்க மஞ்சளாவோ நீலமாவோ இருக்கு

### ரெண்டு லைட் கலந்திருக்கா?

முதல்ல பாக்க வேண்டியது இதுதான், காசும் செலவு கிடையாது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், டியூப் லைட் இன்னொரு பக்கம்னு ரெண்டும் சேந்து விழுந்தா சேலையோட ஒரு பாதி நீலமாவும் மறு பாதி மஞ்சளாவும் வரும், அதை எந்த ஆப்லயும் முழுசா சரி பண்ண முடியாது, ஏன்னா ஒரு பாதியை சரி பண்ணா மறு பாதி கெடும். ஏதாவது ஒரு லைட் மட்டும் வைங்க. எனக்கு காலைல 9ல இருந்து 11 மணி வரைக்கும் வெயில் நேரா விழாத ஜன்னல் பக்கம்தான் சரியா வருது.

### சுவர் கலர் அடிக்குதா?

ரோஸ் சுவர், பச்சை பெயிண்ட் அடிச்ச பால்கனி, கீழ சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, ஜன்னலுக்கு வெளிய பெரிய வேப்பமரம், இதெல்லாம் தன் கலரை சேலை மேல கொட்டும். க்ரீம், சந்தனக் கலர் சேலைல இது உடனே தெரியும். செக் பண்ண ஒரு வெள்ளைப் பேப்பரை சேலை இருக்கிற இடத்துல பிடிச்சு சுவர் பக்கமா திருப்பிப் பாருங்க, லேசா கலர் ஏறுதுன்னா அதுதான் காரணம். சேலைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்க விடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்.

### ஒவ்வொரு சேலைக்கும் பேக்ரவுண்ட் கலர் மாறுதா?

அதே இடம், அதே நேரம், மாம்பழ மஞ்சள் சேலை எடுத்தா பின்னாடி இருக்கிற வெள்ளைத் துணி நீலமடிக்குது, இங்க் ப்ளூ எடுத்தா அதே துணி மஞ்சளடிக்குது. இது போனோட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பண்ற வேலை. படம் முழுக்க மஞ்சளா இருந்தா ரூம் லைட்தான் மஞ்சள்னு போன் நினைச்சு நீலத்தை ஏத்திடும், பாவம் சேலை வெளுத்துப் போயிடும். சேலையை ஃபிரேம் முழுக்க அடைச்சு எடுக்கிறப்ப இன்னும் மோசம்.

ப்ரோ மோடுக்குப் போய் WB-யை ஆட்டோல இருந்து எடுத்து ஒரு நம்பர்ல நிறுத்திடுங்க, ஜன்னல் வெளிச்சத்துக்கு 5500K-ல ஆரம்பிச்சு பேப்பரைப் பாத்து கொஞ்சம் ஏத்தி இறக்கலாம், நிழலா இருந்தா 6500K இல்ல அதுக்கும் மேல போகும். அன்னைக்கு எடுக்கிற எல்லா சேலைக்கும் அதே நம்பர். ப்ரோ மோடு இல்லாத போன்னா சாதாரணமா எடுங்க, ஆனா ஒவ்வொரு சேலைக்கும் முதல் போட்டோல ஒரு கிரே கார்டு வச்சு எடுங்க.

கிரே கார்டுன்னா ஒரு சாம்பல் கலர் அட்டை, சில நூறு ரூபாதான், கேமரா கடைல கிடைக்கும். சேலை மேலயே, சேலை மேல விழுற அதே வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ, அட்டையை எடுத்துட்டு மத்த போட்டோ. அப்புறம் Lightroom மொபைல்லயோ Snapseed-லயோ White Balance போய் அங்க இருக்கிற, கலரைத் தொட்டு எடுக்கிற டிராப்பரை அட்டை மேல வைங்க, சரியாயிடும். Lightroom-னா அந்த செட்டிங்கை காப்பி பண்ணி மத்த போட்டோவுக்கெல்லாம் பேஸ்ட் பண்ணிடலாம்.

A4 பேப்பர் வச்சா போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அவசரத்துக்கு ஓகே, ஆனா அந்தப் பேப்பரை வெள்ளையா காட்ட ஒரு கெமிக்கல் சேத்திருக்காங்க, அது பகல் வெளிச்சத்துல லேசா நீலமடிக்கும், அதுமேல டிராப்பர் வச்சா படம் லேசா மஞ்சளாயிடும். சந்தனக் கலரையும் வெண்ணெய்க் கலரையும் விக்கிறவங்களுக்கு அந்த லேசான வித்தியாசமே ரிட்டர்ன்.

வெள்ளை சேலை சாம்பலா வருதுன்னா, கறுப்பு சேலை வெளுத்து வருதுன்னா அது கலர் பிரச்சனை இல்ல, வெளிச்சப் பிரச்சனை. ஸ்க்ரீனைத் தொட்டு வர்ற சூரியன் அடையாளத்தை வெள்ளைக்கு மேல ஏத்துங்க, கறுப்புக்கு கீழ இறக்குங்க, அவ்ளோதான்.

## அறிகுறி 2: சிவப்பும் ராணி பிங்க்கும் அப்பிப் போயிருக்கு

சேலைல பாவும் ஊடும் கண்ணுக்குத் தெரியுது, போட்டோல பிளாஸ்டிக் ஷீட் மாதிரி ஒரே கலரா நிக்குது. பாக்க அழகா இருக்கும், லைக்கும் வரும், ஆனா வாங்கினவங்க "இவ்ளோ மங்கலா இருக்கே"ன்னு சொல்லுவாங்க.

முதல் காரணம், போன் தானாவே கலரை ஏத்துறது. Scene optimizer, ஃபில்டர், ஐபோன்ல Photographic Styles, எது இருந்தாலும் ஆஃப், இல்லன்னா ஸ்டாண்டர்ட்.

அதுவும் ஆஃப்ல இருந்தும் வருதுன்னா வெளிச்சம் அதிகம். சிவப்பு மட்டும் கேமராவால தாங்க முடியாத அளவுக்கு ஏறி நிக்குது, அப்படி ஏறிப்போன இடத்துல நெசவு விவரமே பதிவாகாது, அப்புறம் எடிட்ல தேடினாலும் வராது. எடுக்கிறப்பவே எக்ஸ்போஷரை -0.7 அளவுக்கு இறக்கி எடுங்க, படம் கொஞ்சம் இருட்டா தெரிஞ்சா கவலை வேண்டாம், எடிட்ல Shadows-ஐ ஏத்திக்கலாம். செக் என்னன்னா போட்டோவை நல்லா ஜூம் பண்ணி மடிப்போட வெளிச்சமான மேடு இருக்கே அங்க பாருங்க, நூல் தெரியணும்.

நியான் பிங்க், ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு மாதிரி கலர்னா அதை எந்த ஸ்க்ரீனாலயும் அப்படியே காட்ட முடியாது. எவ்ளோ எடிட் பண்ணாலும் வராது, "நேர்ல இதைவிட பளிச்னு இருக்கும்"னு ஒரு வரி எழுதிடுங்க.

## அறிகுறி 3: வெள்ளை சரி, ஆனா ஒரு கலர் மட்டும் மாறுது

இதுலதான் எனக்கு நிறைய காசு போச்சு, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். முதல்ல ஒரு கேள்வி: சேலையை லைட்டுக்கு அடில இருந்து ஜன்னலுக்குக் கொண்டு போனா உங்க கண்ணுக்கே கலர் மாறித் தெரியுதா?

### ஆமா, கண்ணுக்கே மாறுது

அப்ப தப்பு லைட்ல. அரக்கு, மெரூன் இதுல அதிகமா வரும், சாதாரண எல்இடிக்கு அடில பழுப்பா, காஃபிப் பொடி மாதிரி தெரியும், ஜன்னல்கிட்ட போனா சிவப்பு உயிரோட வரும். விலை கம்மியான எல்இடி, ரிங் லைட் வெளிச்சத்துல ஆழமான சிவப்பு குறைவு, இல்லாததை கேமரா எங்கிருந்து எடுக்கும். ஒயிட் பேலன்ஸ் பண்ணாலும் வெள்ளை வெள்ளையாயிடும், அரக்கு மட்டும் அப்படியே பழுப்பா நிக்கும்.

ஜன்னலுக்கு மாறுங்க, அது இலவசம். ராத்திரிதான் எடுக்க முடியும்னா, கலரை எவ்ளோ நிஜமா காட்டும்னு சொல்ற CRI நம்பர் பெட்டி மேல 95 இல்ல அதுக்கு மேல போட்டிருக்கிற, 5000K-க்கும் 5600K-க்கும் நடுவுல இருக்கிற லைட் வாங்குங்க. வீட்டு பல்புக்கெல்லாம் CRI பெரும்பாலும் 80 சுத்திதான் இருக்கும். R9-ன்னு தனியா ஒரு நம்பர் போட்டிருந்தா அதையும் பாருங்க, சிவப்பை எவ்ளோ சரியா காட்டும்ங்கிறது அதுதான், 90க்கு மேல இருந்தா நிம்மதி. ரெண்டு லைட் வாங்குறதா இருந்தா ரெண்டும் ஒரே கம்பெனி ஒரே மாடலா இருக்கட்டும்.

### இல்ல, கண்ணுக்கு சரியாதான் இருக்கு, போட்டோல மட்டும் மாறுது

அப்ப கேமராதான். வாடாமல்லி, நாவல்பழக் கலர், கத்திரிப்பூ, இதுல எல்லாம் வரும். நம்ம கண்ணு ஊதாவைப் பாக்கிற விதமும் கேமரா சென்சார் பாக்கிற விதமும் ஒண்ணு இல்ல. செக் பண்ண அதே சேலையை ரெண்டு கம்பெனி போன்ல எடுத்துப் பாருங்க, ரெண்டுலயும் ரெண்டு விதமான நீலம் வந்தா இதேதான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். உடம்பு வாடாமல்லி, பார்டர் தங்க ஜரி, நல்ல சேலை. ஜன்னல்ல எடுத்தேன், கிரே கார்டு வச்சேன், வெள்ளையும் ஜரியும் அச்சு அசலா வந்துச்சு, அந்த நம்பிக்கைல போட்டுட்டேன். வாங்கின அக்கா பிரிச்சுப் பாத்துட்டு "நான் ராயல் ப்ளூன்னு நினைச்சு மேட்சிங் பிளவுஸ் வரைக்கும் தைக்கக் குடுத்துட்டேம்மா"ன்னாங்க. கோவப்படல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. திரும்பி வந்த சேலையை ஜன்னல்ல போட்டோவுக்குப் பக்கத்துல வச்சப்பதான் தெரிஞ்சுது, போட்டோல இருந்தது நீலமேதான், நான்தான் சேலையை ஞாபகத்துல வச்சுக்கிட்டு போட்டோவைப் பாத்திருக்கேன்.

சரி பண்ணது இப்படி. முதல்ல ஒயிட் பேலன்ஸைத் தொடவே இல்ல, ஏன்னா அதை சிவப்புப் பக்கம் தள்ளினா சேலை ஊதாவாகும் ஆனா ஜரி செம்பாயிடும், கைல பிடிச்சிருக்கிறவங்க தோலும் சிவந்துடும். Lightroom-ல Color Mix போய் அங்க இருக்கிற டார்கெட் வட்டத்தை வச்சு சேலை மேல விரலை இழுத்தேன், எந்த எந்த ஸ்லைடர் நகருதுன்னு பாத்தா சேலை பாதி Blue-லயும் பாதி Purple-லயும் கிடந்துச்சு. Blue-ல Hue-வை வலது பக்கம் +35, Purple-ல Hue +18. கலர் வந்துச்சு ஆனா நேர்ல இருக்கிற ஆழம் இல்ல, அதனால Purple-ல Luminance -12. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல தலையைத் தூக்கி சேலையைப் பாத்துப் பாத்துதான் பண்ணேன், அஞ்சு நிமிஷம் தொடர்ந்து ஸ்க்ரீனை மட்டும் பாத்தா கண்ணு அதுக்கே பழகிடும்.

இந்த நம்பர் என் போனுக்கும் அந்த சேலைக்கும்தான், உங்களுக்கு வேற வரும். ஆனா வழி இதேதான். கவனிக்க வேண்டியது, அதே படத்துல நிஜ நீலம் ஏதாவது இருந்தா, பல்லுவோ பிளவுஸ் துணியோ, அதுவும் சேந்து ஊதாவாயிடும். அப்ப மாஸ்க் போட்டு உடம்பை மட்டும் செலக்ட் பண்ணி பண்ணணும், இல்லன்னா பல்லுவைத் தனியா ஒரு போட்டோவா எடுத்துப் போடணும். நான் ரெண்டாவதுதான் பண்றேன், வேகமா முடியுது.

இப்படி ஊதா சேலை அடிக்கடி வருதுன்னா 24 கட்டம் இருக்கிற கலர் செக்கர் கார்டு வாங்கலாம், அதை வச்சு உங்க கேமராவுக்குன்னே ஒரு ப்ரொஃபைல் பண்ணிக்கலாம். விலை ஆயிரக்கணக்குல வரும், கம்ப்யூட்டரும் ரா ஃபைலும் வேணும், ஊதாவுக்கு அதுவும் முழுசா தீர்வு இல்ல, கடைசியா கையால கொஞ்சம் தள்ளத்தான் வேணும். மாசத்துக்கு பத்து இருபது சேலை விக்கிறவங்களுக்கு தேவையில்ல.

## அறிகுறி 4: என் போன்ல சரி, அவங்க போன்ல வேற

மூணு நாலு பேர் போன்ல அதே லிங்கைத் திறந்து பாருங்க, கேலரில இருக்கிற ஃபைலை இல்ல, அப்லோட் ஆன படத்தை.

எல்லா போன்லயும் ஒரே மாதிரி வெளுத்துப் போய் தெரிஞ்சா ஃபைல்ல பிரச்சனை. ஐபோன் மாதிரி சில போன் Display P3-ங்கிற பெரிய கலர் அளவுல படத்தை வைக்கும், ஏத்துற இடத்துல அந்தக் குறிப்பு கழண்டு போச்சுன்னா கலர் சப்புன்னு ஆயிடும். எக்ஸ்போர்ட் பண்றப்ப Color Space-ல sRGB வைங்க, தீந்துது.

ஒருத்தர் போன்ல மட்டும் வேறன்னா அது அவங்க ஸ்க்ரீன், Vivid-ல இருக்கும், இல்ல நைட் மோடு ஓடும். நம்மால மாத்த முடியாது, ஆனா கேக்கலாம். விலை கூடின சேலைக்கு பேமென்ட்டுக்கு முன்னாடி "ஒரு தடவை பகல்ல, நைட் மோடு ஆஃப் பண்ணிப் பாத்து சொல்லுங்க சிஸ்டர்"னு ஒரு மெசேஜ் அனுப்புவேன், யாரும் தப்பா எடுத்துக்கிட்டது இல்ல.

வாட்சப்ல அனுப்புறப்ப சிவப்பு உடம்புல போற மெல்லிசான ஜரிக் கோடு கலங்கித் தெரியுதா? படத்தை சுருக்குறப்ப கலர் விவரம்தான் முதல்ல போகும். டாக்குமென்ட்டா அனுப்புங்க.

இன்னொண்ணு, படம் சரியா இருந்தும் பேரு ஏமாத்தும். ராமர் பச்சை, எம்.எஸ். ப்ளூ, வெந்தயக் கலர்னு நாம சொல்றது ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேற. பேரோட சேத்து "மஞ்சள் கம்மி, பழுப்பு தூக்கலா இருக்கும்"ங்கிற மாதிரி ஒரு விளக்கம் போடுங்க.

## அறிகுறி 5: திருப்பினா கலர் மாறுது

மயில் கழுத்து மாதிரி டபுள் ஷேட் சேலை. பாவு ஒரு கலர், ஊடு ஒரு கலர், பாக்கிற கோணத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு தூக்கும் ஒண்ணு அடங்கும். இது தப்பே இல்ல, அதனால எடிட் பண்ணி சரி பண்ணப் பாக்காதீங்க, ஒரு போட்டோவுக்குள்ள அது அடங்காது. தட்டையா விரிச்சு மேல இருந்து ஒண்ணு, கொசுவம் மாதிரி மடிச்சுத் தொங்கவிட்டு பக்கத்துல இருந்து ஒண்ணு, அப்புறம் கைல பிடிச்சு மெதுவா திருப்புற மாதிரி ஒரு பத்து செகண்ட் வீடியோ, ஃபில்டர் இல்லாம. ஓரத்துல நூல் பிரிஞ்சு நிக்கிற இடத்தை கிட்டப் போய் ஒரு படம் எடுத்துப் போட்டா ரெண்டு நூல் கலரும் தனித்தனியா தெரியும், எழுதுறப்பவும் "நீல நூலும் பச்சை நூலும் சேந்தது"ன்னு எழுதிடுங்க.

## அறிகுறி 6: முன்ன சரியா இருந்துச்சு, இப்ப கம்ப்ளெய்ன்ட்

போட்டோவைத் தொடாதீங்க, சேலையைப் பாருங்க. அடுத்த லாட் வந்திருக்கும். ஒவ்வொரு தடவை நூல் சாயம் போடுறப்பவும் கொஞ்சம் முன்ன பின்ன வரும், டிசைன் அதேன்னு நாம பழைய போட்டோவையே ஓட்டுவோம். ஒவ்வொரு லாட்லயும் ஒரு நூல் துண்டோ, ஓரத்துல வெட்டின குஞ்சமோ தேதி போட்டு ஒரு நோட்ல ஒட்டி வைங்க. புது லாட் வந்ததும் ஜன்னல்கிட்ட அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, லைட்டுக்கு அடிலயும் ஒரு தடவை பாருங்க, ஏன்னா ஒரு லைட்ல ஒண்ணா தெரியிற ரெண்டு சாயம் இன்னொரு லைட்ல பிரிஞ்சு தெரியலாம். வித்தியாசம் தெரிஞ்சா புது போட்டோ.

## எப்ப போட்டோகிராபரைக் கூப்பிடணும்

அறிகுறி 1ம் 4ம் வெளி ஆளுக்குக் காசு குடுக்க வேண்டிய வேலையே இல்ல. அறிகுறி 3ல மாஸ்க் போட்டும் வரல, இல்ல ஒரே நேரத்துல ஐம்பது அறுபது சேலை கேட்லாக் போடணும், இல்ல ஜரி பளபளப்பு பாதி சேலையை மறைக்குதுன்னா கூப்பிடுங்க. ஜரி மினுமினுப்பை அடக்க லைட்டுக்கும் லென்ஸுக்கும் போலரைசர் போட்டு எடுக்கிறது அவங்களுக்குத் தெரியும், வீட்ல அது சுலபமா வராது.

மொத்த ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி மூணு சேலை மட்டும் குடுங்க: ஒரு வாடாமல்லி, ஒரு அரக்கு, ஒரு சந்தனக் கலர். கலர் செக்கர் வச்சு எடுக்கிறீங்களா, ஃபைல் sRGB-ல தருவீங்களான்னு முன்னாடியே கேளுங்க. படம் வந்ததும் அவங்க ஸ்டூடியோ மானிட்டர்ல பாத்து தலையாட்டாம, உங்க போன்ல ஏத்தி, மூணு சேலையையும் எடுத்துக்கிட்டு ஜன்னலுக்கு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மூணுல ஒண்ணு பொருந்தலைன்னாலும் அந்த சேலையை நேர்ல பிடிச்சுக் காட்டி, அவரையே திரும்ப சரி பண்ணச் சொல்லிட்டு அப்புறம் மீதியைக் குடுங்க.